‘இவற்றுள் எதுவுமில்லை’ என்று எப்போது துணிந்து போடலாம்?

செக்காலை | ஜூன் 6, இரவு 9.10

குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகளோடு மாதிரித் தாள் திருத்தும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்குகிறோம். கணக்குப் போட்டால் வரும் விடை முதல் மூன்று தெரிவுகளிலும் இல்லை. நான்காவது ‘இவற்றுள் எதுவுமில்லை’. உடனே அந்த வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. ‘நான் போட்ட விடை இங்கே இல்லை’ என்பது ஒன்று. ‘சரியான விடை இங்கே இல்லை’ என்பது வேறு. முதலாவது உண்மையாக இருந்தும் இரண்டாவது பொய்யாக இருக்கலாம், கூட்டலில் ஒரு சறுக்கல் போதும். எதுவுமில்லை என்று போடுகிறவர் மூன்று தெரிவுகளையும் தனித்தனியே தப்பு என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அது முடியாதவரை அந்தத் தெரிவைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. நீங்கள் எப்படிப் பழக்குகிறீர்கள்?

புதுவயல் | ஜூன் 6, இரவு 9.32

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. தாளில் எங்கோ ஒரு கேள்வியில் மட்டும் ‘எதுவுமில்லை’ என்று இருந்தால் அதுதான் விடை. இல்லையென்றால் ஏன் மெனக்கெட்டு அச்சடிக்கிறார்கள்? நான் இப்படித்தான் போடுகிறேன், பெரும்பாலும் சரியாக வருகிறது.

தேவகோட்டை | ஜூன் 6, இரவு 9.50

அக்கா, எனக்கும் இதே சந்தேகம். நான் வேறு மாதிரி செய்கிறேன். விடை எதுவும் பொருந்தவில்லை என்றால் ஐந்தாவது வட்டத்தை நிரப்பிவிடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி.யில் அதற்காகத்தானே அந்த ஐந்தாவது வட்டம் இருக்கிறது?

செக்காலை | ஜூன் 6, இரவு 10.05

தேவகோட்டைத் தங்கச்சி, நல்லவேளை இங்கே கேட்டீர்கள். அந்த ஐந்தாவது வட்டத்துக்குப் பெயர் ‘விடை தெரியவில்லை’. 2020-இல் கொண்டுவந்தார்கள். வெற்றாக விட்ட கேள்வியைத் தேர்வு முடிந்தபின் வேறு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. கேள்விக்கும் தெரிவுக்கும் அதோடு சம்பந்தமே இல்லை. அதை நிரப்பினால் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் பூஜ்யம். ‘தெரிவுகளில் சரியான விடை இல்லை’ என்று அது ஒருபோதும் பொருள்படாது. ஆணையம் பின்னால் அந்தக் கேள்வியே தப்பு என்று ஒத்துக்கொண்டாலும், ‘தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தவர் எதை வைத்து வாதாடுவார்?

இன்னொன்று. குரூப் 4-இல் 200 கேள்விக்கு 300 மதிப்பெண், கேள்விக்கு ஒன்றரை. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. அப்படி இருக்கும்போது நான்கில் ஏதோ ஒன்றைப் போட்டாலாவது வாய்ப்பு உண்டு. நேரம் தீர்ந்துபோய் வட்டம் வெற்றாக நின்றுவிடும் என்ற நிலை தவிர, ஐந்தாவதைத் தேடிப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

தேவகோட்டை | ஜூன் 6, இரவு 10.11

ஐயோ. போன மாதிரித் தேர்வில் நிறைய போட்டுவிட்டேன் அக்கா. நல்லவேளை அது மாதிரித் தேர்வு.

கோட்டையூர் கணக்கு வாத்தியார் | ஜூன் 7, காலை 6.20

ஓய்வு பெற்றவன். பள்ளித் தாள்களும், சில மாதிரித் தேர்வுத் தாள்களும் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

புதுவயல் தம்பி சொல்வதில் பாதி உண்மை. கேள்வி எடுக்கிறவன் நான்காவது தெரிவாக ‘எதுவுமில்லை’ போடுவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, வேண்டுமென்றே: மாணவன் தெரிவுகளிலிருந்து விடையைப் பின்னோக்கிப் பிடிக்காமல் கணக்கை முழுதாகப் போட வேண்டும் என்பதற்காக. இரண்டு, அலுப்பு: மூன்று தெரிவு எழுதியாகிவிட்டது, நான்காவது தோன்றவில்லை, இதைப் போட்டு நிரப்பிவிடுவது. முதல் வகையில் அது விடையாக இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. இரண்டாவது வகையில் அது கிட்டத்தட்ட ஒருபோதும் விடையாக இருக்காது. தாளில் ஒரே ஒரு இடத்தில் வந்தால் அது எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது. ‘ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதனால் அதுவே விடை’ என்பது நிற்காது. எல்லாக் கேள்விக்கும் கடைசித் தெரிவு அதுதான் என்றால், கவனமாகத் தாள் எடுக்கிறவன் மற்றத் தெரிவுகளைப் போல அதற்கும் விடைகளில் ஒரு பங்கு கொடுப்பான். அவ்வளவுதான் ஊகிக்கலாம்.

செக்காலை அம்மா சொல்லும் ‘மூன்றையும் தப்பென்று காட்டு’ என்பது சரியான வழி. கணக்கில் அதை எப்படிக் காட்டுவது என்று ஒரு உதாரணம் இருந்தால் பேச வசதியாக இருக்கும். யாராவது ஒன்று போடுங்கள்.

பள்ளத்தூர் | ஜூன் 7, மதியம் 1.45

நான் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். நேற்று எங்களுக்குள் சண்டை வந்த கணக்கு இது.

ரூ.12,000 ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 2 ஆண்டுக்கு. வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டப்படுகிறது. கூட்டு வட்டி எவ்வளவு?

ஏ) ரூ.2,400 பி) ரூ.2,520 சி) ரூ.14,520 டி) இவற்றுள் எதுவுமில்லை

என் தோழி பி. நான் டி. இன்னொருவர் ‘மாச வட்டியே நூத்துக்கு ஒண்ணுன்னு வாங்குற ஊர்ல அரையாண்டு வட்டி எதுக்கு’ என்று எழுந்து போய்விட்டார்.

செக்காலை | ஜூன் 7, இரவு 8.30

நல்ல கணக்கு. முதலில் நேராகப் போட்டுப் பார்ப்போம். அரையாண்டு என்றால் ஒரு தவணைக்கு 5 சதவீதம், 2 ஆண்டில் நான்கு தவணை.

12,000 → 12,600 → 13,230 → 13,891.50 → 14,586.08 (பைசாவுக்கு முழுமையாக்கியது)

வட்டி மட்டும் 2,586 ரூபாய் 8 காசு. மூன்று தெரிவுகளிலும் இல்லை. இங்கே நிறுத்திவிட்டு டி போட்டால் விடை சரிதான். ஆனால் இதே வேகத்தில் 13,230-ஐ 13,320 என்று எழுதியிருந்தாலும் ‘தெரிவுகளில் இல்லை’ என்றுதான் வந்திருக்கும், டி-தான் போட்டிருப்போம். அதாவது கணக்கைத் தப்பாகப் போட்டாலும் சரியாகப் போட்டாலும் ஒரே வட்டம். இதனால்தான் ‘எதுவுமில்லை’ இருக்கும் கேள்வியில் நம் விடையைச் சரிபார்க்க ஆளே இல்லை. மற்றக் கேள்விகளில் தெரிவு பொருந்துவதே ஒரு சரிபார்ப்பு; இங்கே அது கிடைக்காது.

ஆகவே அடுத்த படி. மூன்று தெரிவும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 2,400 என்பது தனி வட்டி: 12,000-க்கு ஆண்டுக்கு 1,200, இரண்டு ஆண்டு. 2,520 என்பது ஆண்டுக்கு ஒருமுறை கூட்டினால் வருவது: முதல் ஆண்டு 1,200, இரண்டாம் ஆண்டு 1,320. பள்ளத்தூர் தோழி ‘அரையாண்டு’ என்ற சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறார். 14,520 என்பது அதே ஆண்டுக் கணக்கில் அசலும் சேர்ந்த மொத்தத் தொகை. கேட்டது வட்டி, கொடுத்தது தொகை.

மூன்று தெரிவுக்கும் பின்னால் என்ன தப்பு ஒளிந்திருக்கிறது என்று பெயர் சொல்லிவிட்டோம். கேள்வி எடுத்தவர் மூன்று பொறிகளையும் வைத்துவிட்டு, சரியான விடையை வேண்டுமென்றே எடுத்துவிட்டார் என்று தெரிகிறது. இப்போது டி போட எனக்குக் கை நடுங்காது.

பள்ளத்தூர் | ஜூன் 7, இரவு 8.52

இது புதுசாக இருக்கிறது. தெரிவு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் வங்கித் தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. எல்லாக் கேள்விக்கும் இப்படிப் பார்க்க முடியுமா?

கோட்டையூர் கணக்கு வாத்தியார் | ஜூன் 8, காலை 6.05

எல்லாவற்றுக்கும் வேண்டாம், அம்மா. உன் விடை ஏதாவது ஒரு தெரிவோடு பொருந்திவிட்டால் நேரே போய்விடு. பொருந்தாதபோது மட்டும்தான் இந்த வேலை. அப்போதும் கணக்கை முதலிலிருந்து போடாதே. அதே வழியில் திரும்பப் போட்டால் அதே இடத்தில் அதே தப்பு வரும், கை பழகிய பாதை அது. கேள்வியின் கடைசி வரியை மட்டும் திரும்பப் படி. வட்டியா, தொகையா? அதிகரிப்பா, அதிகரித்தபின் மதிப்பா? மணியா, நிமிடமா? என் மாணவர்களிடம் ‘பொருந்தவில்லை’ என்று வந்த கேஸ்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வரியில்தான் தீர்ந்தன.

அதிலும் தீரவில்லை என்றால் தெரிவுகளின் பிறப்பைப் பார். ஒரு தெரிவு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், அதன்மேல் சந்தேகப்படு. ஏனென்றால் தப்பான தெரிவுகளை நாங்கள் சும்மா எழுதுவதில்லை, பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பிலிருந்து எடுக்கிறோம். பிறப்புத் தெரியாத ஒன்று சரியான விடையாக இருந்து, நீதான் வழியில் ஏதோ விட்டிருக்கலாம். இது உறுதி இல்லை. அலுப்பில் எழுதிய தெரிவுக்கும் பிறப்பு இருக்காது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டும்.

புதுவயல் | ஜூன் 8, காலை 9.15

சரி, நான் ஒன்று கேட்கிறேன். அதே கணக்கில் சி-யில் ரூ.14,520-க்குப் பதிலாக ரூ.2,586 என்று இருந்தால்? நமக்கு வந்தது 2,586.08. எட்டுக் காசு இடிக்கிறது. துல்லியமாகப் பொருந்தவில்லை, ஆகவே எதுவுமில்லை. உங்கள் விதிப்படி அதுதானே வர வேண்டும்?

செக்காலை | ஜூன் 8, இரவு 9.00

இல்லை, சி-தான். எட்டுக் காசு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிகிறது: ரூபாய்க்கு முழுமையாக்கியிருக்கிறார்கள். மற்றத் தெரிவுகள் நம் விடையிலிருந்து 66 ரூபாயும் 186 ரூபாயும் தள்ளி நிற்கின்றன. வழிமுறைப் பிழை அவ்வளவு தூரம் தள்ளும், முழுமையாக்கல் ஒரு ரூபாய்க்குள் நிற்கும். ‘சி தப்பு’ என்று காட்ட வேண்டுமானால் ஒருவர் எந்தப் பிழையைச் செய்து 2,586-க்கு வருவார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது.

ஆனால் தெரிவுகள் காசுவரை கொடுக்கப்பட்டு, அதில் 2,586.80 என்று ஒன்று இருந்தால் நான் அதைப் போட மாட்டேன். காசுவரை எழுதியவர் காசைப் பொருட்படுத்துகிறார் என்று பொருள்.

புதுவயல் | ஜூன் 8, இரவு 9.20

அப்படியானால் இதற்குச் சொல்லுங்கள். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு. π மதிப்புக் கொடுக்கவில்லை. தெரிவுகள் 300, 314, 320, எதுவுமில்லை. நான் 22/7 வைத்துப் போட்டால் 314.29. 3.14 வைத்தால் 314. உண்மையில் இரண்டுமே π இல்லை. ஆக எதுவுமே சரியில்லை.

கோட்டையூர் கணக்கு வாத்தியார் | ஜூன் 9, காலை 6.15

கணிதமாகப் பார்த்தால் தம்பி சொல்வது சரி, பரப்பு 100π, அது 314 அல்ல. தேர்வாகப் பார்த்தால் 314 போடு. நம் பள்ளிப் பாடத்தில் 22/7, 3.14 இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை, அதில் ஒன்று சரியாக ஒரு தெரிவில் போய் உட்காருகிறது. ஆனால் π மதிப்பும் கொடுக்காமல் ‘தோராயமாக’ என்ற சொல்லும் போடாமல் ‘எதுவுமில்லை’ வைப்பது கேள்வி எடுத்தவரின் குறை. இப்படிப்பட்ட இடத்தில் அந்தத் தெரிவை வைக்கவே கூடாது என்பேன். ஒரே ஒரு துல்லியமான விடை உள்ள கணக்குக்குத்தான் அது பொருந்தும். எது மிகப் பொருத்தமானது என்று எடைபோடும் கேள்விகளில் அதை வைத்தால் நன்கு படித்தவனைத்தான் அது தண்டிக்கும்.

புதுவயல் | ஜூன் 9, காலை 8.40

நன்கு படித்தவன் தண்டிக்கப்படுவான் என்றுதான் நானும் சொல்கிறேன் சார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் 314 போடுகிறேன்.

தேவகோட்டை | ஜூன் 10, மாலை 5.30

கணக்கு இருக்கட்டும். பொது அறிவில் எனக்கு ஒரு பிரச்சினை. எங்கள் பயிற்சித் தாளில் வந்தது:

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்ட ஆண்டு?

ஏ) 1947 பி) 1950 சி) 1953 டி) இவற்றுள் எதுவுமில்லை

நான் டி போட்டேன். நேரு அடிக்கல் நாட்டியது 1948-இல் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தாளில் விடை சி என்று கொடுத்திருக்கிறார்கள். தப்பில்லையா?

செக்காலை | ஜூன் 10, இரவு 8.45

1948 ஜூலையில் அடிக்கல். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இரண்டும் உண்மை. ‘தொடங்கப்பட்ட’ என்று கேட்டதில் தெளிவு இல்லை, அந்த வகையில் கேள்வியில் குறை உண்டு. அந்தப் பயிற்சித் தாள் எடுத்தவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் முடிவுக்கு வந்த வழியைப் பாருங்கள். 1948 உங்களுக்குத் தெரியும். அது தெரிவில் இல்லை. ஆகவே எதுவுமில்லை. நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது: 1953 தப்பு என்று எங்கே காட்டினீர்கள்? ‘1953-இல் அந்த ஆய்வகத்துக்கு என்ன நடந்தது’ என்று ஒரு நொடி கேட்டிருந்தால் திறப்பு விழா நினைவுக்கு வந்திருக்கும். இல்லை, வராமலே இருந்தாலும் ‘1953 பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது’ என்றாவது தெரிந்திருக்கும். ஒன்றும் தெரியாத தெரிவைத் தப்பு என்று தள்ள முடியாது.

நிறுவனங்களின் ஆண்டுக் கேள்விகளில் இது அடிக்கடி வரும். அடிக்கல், சட்டம் நிறைவேறியது, திறப்பு, பெயர் மாற்றம் என்று ஒரே அமைப்புக்கு நான்கைந்து ஆண்டு இருக்கும். அதில் ஏதாவது ஒன்று தெரிவில் இருந்தால் நான் அதைத்தான் போடுவேன். எதுவுமில்லை என்ற பக்கம் போக மாட்டேன். 1948-உம் 1953-உம் இரண்டுமே தெரிவில் இருந்தால் அது வேறு சண்டை.

கோட்டையூர் கணக்கு வாத்தியார் | ஜூன் 11, காலை 6.10

இதில் ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். மற்றத் தெரிவுகளை நேராக நீக்கலாம். ‘எதுவுமில்லை’ என்பதை நேராக நீக்க முடியாது. மற்றொன்று சரி என்று நிறுவினால்தான் அது விழும். ஆகவே ஏ-யையும் பி-யையும் உறுதியாக நீக்கிவிட்டால் பாக்கி இருப்பது இரண்டு தெரிவு மாதிரித் தோன்றும், ஆனால் கேள்வி ஒன்றுதான்: சி சரியா, தப்பா? பிள்ளைகள் சி-யையும் டி-யையும் மாறி மாறிப் பார்த்து நேரத்தை விடுகிறார்கள். டி-யைப் பார்க்கவே வேண்டாம். சி-யை மட்டும் பார்.

பள்ளத்தூர் | ஜூன் 11, காலை 7.30

எங்களுக்குக் கால் மதிப்பெண் குறைப்பு உண்டு. அந்த நிலையில் சி பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்றால் விட்டுவிடலாமா சார்?

கோட்டையூர் கணக்கு வாத்தியார் | ஜூன் 11, மாலை 4.50

உங்கள் தாளில் ஐந்து தெரிவு. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஐந்தில் ஒரு முறை ஒரு மதிப்பெண், நான்கு முறை கால் கால் போகும். வரவும் செலவும் சமம். ஒரே ஒரு தெரிவை உறுதியாக நீக்கினாலே வரவு பக்கம் சாயும். நான்கில் மூன்றை நீக்கி, ஒன்றும் ‘எதுவுமில்லை’யும் மட்டும் நின்றால் நான் விட மாட்டேன். ஆனால் நீக்கியது உறுதியாக நீக்கியதா, இல்லை ‘பிடிக்காததால்’ நீக்கியதா என்று நீதான் உன்னைக் கேட்க வேண்டும்.

கானாடுகாத்தான் | ஜூன் 12, இரவு 10.20

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘சேராதது எது’ வகைக் கேள்வியில் இந்தத் தெரிவு வந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. நம் ஊர் விஷயமே எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் சேராதது எது?

ஏ) மாத்தூர் பி) இரணியூர் சி) நேமம் டி) இவற்றுள் எதுவுமில்லை

எங்கள் வீட்டில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. மூன்றுமே இதில் இருக்கின்றன. மூன்றும் சரி, அதனால் ‘எதுவுமில்லை’ தப்பு என்று என் தம்பி விட்டுவிட்டான். ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டான்.

செக்காலை | ஜூன் 13, காலை 7.00

இந்த வகையில் கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான் எளிது. ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்தில் ‘சேரும்’ அல்லது ‘சேராது’ என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். மாத்தூர் சேரும். இரணியூர் சேரும். நேமம் சேரும். கேட்டது ‘சேராது’ என்று எழுதியதை. அப்படி எழுதியது ஒன்றும் இல்லை. ஆக டி. ‘சரி, தப்பு’ என்ற சொற்களை இந்தக் கேள்விக்குள் கொண்டுவந்ததில்தான் தம்பி குழம்பிவிட்டார். மாத்தூர் ஒன்பதில் ஒன்று என்பது சரி, ஆனால் இந்தக் கேள்விக்கு மாத்தூர் விடை என்பது தப்பு.

சி-யில் நேமத்துக்குப் பதில் குன்றக்குடி இருந்தால் அதுதான் விடை. பெரிய கோயில், பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் அதையும் ஒன்பதில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கானாடுகாத்தான் | ஜூன் 13, காலை 7.25

பென்சில் எழுத்து உதவும். தம்பியிடம் காட்டுகிறேன். குன்றக்குடியை ஒன்பதில் சேர்ப்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆச்சி விடமாட்டார்.

புதுவயல் | ஜூன் 14, இரவு 9.40

எல்லாம் ‘எதுவுமில்லை’ என்று ஒரு தெரிவு இருக்கும்போது. அது இல்லாமலே நான்கும் பொருந்தவில்லை என்றால்? இதோ, எங்கள் நண்பர் குழுவில் சுற்றிய ஒரு மாதிரித் தாள் கேள்வி:

ஓர் ஊரின் இப்போதைய மக்கள்தொகை 24,200. ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்ந்தால் 2 ஆண்டுகளுக்குப் பின் மக்கள்தொகை எவ்வளவு?

ஏ) 19,602 பி) 20,000 சி) 21,780 டி) 22,000

எனக்கு 29,282 வருகிறது. எல்லாரும் கேள்வி தப்பு, விட்டுவிடு என்கிறார்கள்.

செக்காலை | ஜூன் 14, இரவு 10.15

உங்கள் கணக்குச் சரி. ஆனால் விடுவதற்கு முன் நான்கு தெரிவையும் ஒன்றாகப் பாருங்கள். நான்குமே 24,200-ஐ விடக் குறைவு. உயர்கிற மக்கள்தொகைக்கு யாரும் நான்கு தெரிவையும் குறைவாக எழுத மாட்டார்கள். கேள்வி எடுத்தவர் மனதில் இருந்தது ‘2 ஆண்டுகளுக்கு முன்’ என்று நினைக்கிறேன்.

அப்படி வைத்துப் பாருங்கள். 24,200-ஐ 1.1-ஆல் இரண்டு முறை வகுத்தால் 22,000, பிறகு 20,000. விடை பி. மற்ற மூன்றும் எங்கிருந்து என்று இப்போது தெரிகிறது: 22,000 ஒரு ஆண்டு மட்டும் பின்னால் போனவருக்கு. 21,780 வகுப்பதற்குப் பதில் 10 சதவீதம் கழித்தவருக்கு, அதுவும் ஒருமுறை. 19,602 அப்படி இரண்டு முறை கழித்தவருக்கு. நான்கும் ஒரே கேள்விக்குப் பிறந்த தெரிவுகள், அந்தக் கேள்வி மட்டும் அச்சில் மாறிவிட்டது.

இந்தத் தாளில் ஆங்கில வடிவமும் இருந்ததா? டி.என்.பி.எஸ்.சி. தாளில் ஐயம் வரும் இடத்தில் ஆங்கில வடிவமே முடிவானது என்று முன்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். தமிழில் எதுவும் பொருந்தவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் ஆங்கிலத்தை. எண்களையும் ‘முன், பின், குறைந்தபட்சம்’ போன்ற சொற்களையும் மட்டும் ஒப்பிட்டால் போதும்.

புதுவயல் | ஜூன் 14, இரவு 10.40

இப்போதுதான் ஆங்கிலத்தைப் பார்த்தேன். அதில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்றுதான் இருக்கிறது! மொழிபெயர்த்தவர் மாற்றிவிட்டார். 20,000 போட்டவர் ஒருவர்கூட எங்கள் குழுவில் இல்லை.

பள்ளத்தூர் | ஜூன் 15, காலை 8.00

ஆனால் அக்கா, அதே கேள்வியில் டி) இவற்றுள் எதுவுமில்லை என்று இருந்து, ஆங்கிலமும் இல்லாமல் தமிழ் மட்டும் இருந்தால்? அச்சடித்தபடி பார்த்தால் எதுவுமில்லை. அவர் நினைத்தது 20,000. எதைப் போடுவது?

செக்காலை | ஜூன் 15, இரவு 9.10

அச்சடித்ததைத்தான் போடுவேன். எதுவுமில்லை. காரணம், 29,282 வேண்டுமென்றே எடுக்கப்பட்டதா, அச்சுப் பிழையா என்று எனக்கு நிச்சயமில்லை. அச்சில் இருப்பது நிச்சயம். பின்னால் விடைக்குறிப்பை ஆட்சேபிக்க வேண்டி வந்தாலும் கையில் இருப்பது அச்சடித்த கேள்விதான். ஆணையம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டபின் ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் கிடைக்கும், பாடநூல் ஆதாரத்தோடு. ‘அவர் இப்படி நினைத்திருப்பார்’ என்று அங்கே எழுத முடியாது.

கோட்டையூர் கணக்கு வாத்தியார் | ஜூன் 16, காலை 6.00

இதில் நான் மாறுபடுகிறேன். மூன்று தெரிவுமே 24,200-க்குக் கீழே இருந்தால், அதுவும் மூன்றும் ‘முன்’ என்ற கேள்விக்குக் கச்சிதமாகப் பொருந்தினால், நான் 20,000 பக்கம் சாய்வேன். விடைக்குறிப்பை எழுதுகிறவர் அச்சடித்த தாளைப் பார்த்து எழுதுவதில்லை, கேள்வியை அமைத்தபோதே விடையையும் எழுதிவிடுகிறார். யாராவது ஆட்சேபித்தால்தான் அச்சுப் பிழை வெளியே வரும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் 20,000-தான் இறுதி.

ஆட்சேபித்தால் என்ன ஆகும் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். 2024 நீட் தேர்வில் அணு பற்றிய இயற்பியல் கேள்வி ஒன்றில் பழைய பாடநூலை நம்பியவர்களுக்கும் சேர்த்து இரண்டு விடைக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். உச்சநீதிமன்றம் ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்களிடம் கேட்டு, ஒரே விடைதான் சரி என்று ஆனபின் தரவரிசையே மாறியது. அங்கே அச்சு ஜெயித்ததா, நினைப்பு ஜெயித்ததா என்றால், பாடம் ஜெயித்தது.

செக்காலை | ஜூன் 16, இரவு 9.25

சார் சொல்வதில் ஒரு இடம் எனக்கு ஒத்துவருகிறது: விடைக்குறிப்பு முதலில் எழுதப்படுகிறது என்பது. ஆனால் அந்த நிலையில் 20,000 போட்ட பிள்ளைக்கு, பிழை வெளியே வந்து குறிப்பு ‘எதுவுமில்லை’ என்று திருத்தப்பட்டால், சரியாகப் படித்தும் மதிப்பெண் போகும். எதுவுமில்லை போட்ட பிள்ளைக்கு ஆட்சேபிக்கும் உரிமையாவது இருக்கும். நான் பிள்ளைகளுக்கு அச்சடித்ததைப் போடச் சொல்கிறேன், கேள்வி எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொல்கிறேன்.

தேவகோட்டை | ஜூன் 17, மாலை 6.10

நான் வாத்தியார் பக்கம். மன்னிக்கவும் அக்கா. மெயின் கேள்விக்கு வருகிறேன், நேற்றுப் புது மாதிரித் தாளில் ‘எதுவுமில்லை’ வந்த கேள்விகளில் தெரிவுக்குப் பக்கத்தில் என்ன தப்பு என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் எழுத முடியாமல் நின்று, திரும்பப் போட்டதில் ஒன்று பி, ஒன்று சி. மற்றொரு இடத்தில் இன்னும் நிற்கிறேன், அதை இங்கே போடலாமா?

செக்காலை | ஜூன் 17, மாலை 6.30

போடுங்கள். தெரிவுகளோடு, ஆங்கில வடிவம் இருந்தால் அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். நீங்கள் எந்தத் தெரிவில் நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.